ஒன்பதுக்குப் பக்கத்தில் எட்டு

அரையாண்டுத் தேர்வுக்கு முதல் நாள் மாலை பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் இருக்கைப் பட்டியலைப் பிள்ளைகள் அரை நிமிடத்தில் பார்த்துவிட்டு ஓடிவிடுவார்கள். அதைத் தயாரித்த ஆசிரியருக்கோ பல நாட்களில் பாதி ராத்திரி போயிருக்கும். ஒரே வகுப்புப் பிள்ளைகள் பக்கத்திலும் உட்காரக்கூடாது, முன்னும் பின்னும் உட்காரக்கூடாது. கையால் போட்டால் பத்தாவது அறைக்கு வரும்போது எங்காவது இடிக்கும்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒன்பதாம் வகுப்பில் 112, எட்டில் 96, ஏழில் 80, ஆறில் 72 என்று மொத்தம் 360 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அறைக்கு 20 பேர், 18 அறைகள். பெரிய வகுப்பை முதலில் வைத்து எல்லாரையும் ஒரே நீளப் பட்டியலாக எழுதி, அதைச் சரிபாதியாக வெட்ட வேண்டும். மேல்பாதி 180 பேருக்கு 1, 3, 5 என்று ஒற்றைப்படை இருக்கைகள். கீழ்ப்பாதிக்கு 2, 4, 6 என்று இரட்டைப்படை. பட்டியலில் ஒருவருடைய வரிசை எண் A2 கட்டத்தில் இருந்தால், B2-இல் இருக்கை எண்ணும் C2-இல் அறை எண்ணும் இப்படி வரும்:

```
B2: =IF(A2<=180, 2*A2-1, 2*(A2-180))
C2: =ROUNDUP(B2/20,0)
```

முதல் அறையில் ஒன்பதும் எட்டும் மாறி மாறி உட்காரும். எட்டாம் வகுப்பு வெட்டில் இரண்டாகப் பிரிந்து, 28 பேர் முதல் மூன்று அறைகளுக்கும், மீதி 68 பேர் பன்னிரண்டாம் அறையிலிருந்து கடைசி அறை வரைக்கும் போய்விடுவார்கள். இரு துண்டுகளும் எங்கும் சந்திப்பதில்லை.

காகிதத்தில் சரியாக இருக்கும் இது அறைக்குள் கெட்டுப்போக ஓர் இடம் உண்டு. வரிசைக்கு ஆறு பேர் என்று வைத்து, ஒவ்வொரு வரிசையையும் முன்னிருந்து பின்னாக எண்ணினால் 1-க்குப் பக்கத்தில் 7 வரும். இரண்டும் ஒற்றைப்படை, அதாவது இரண்டு பேரும் ஒரே வகுப்பு. முதல் வரிசையை முன்னிருந்து பின்னாகவும் அடுத்ததைப் பின்னிருந்து முன்னாகவும், பாம்பு நெளிவதுபோல எண்ணினால் 1-க்குப் பக்கத்தில் 12, 2-க்குப் பக்கத்தில் 11. வரிசையில் எத்தனை பேர் இருந்தாலும் ஒற்றைக்குப் பக்கத்தில் இரட்டைதான் வரும். மூலைவிட்டத்தில் மட்டும் சொந்த வகுப்புக்காரர் இருப்பார். அதையும் தவிர்க்க அறைக்கு நான்கு வகுப்புகள் வேண்டும். பெரும்பாலான பள்ளிகள் அவ்வளவு தூரம் போவதில்லை.

'வகுப்பு' என்று நாம் எழுதும் கட்டத்திலும் கவனம் தேவை. 9-அ, 9-ஆ என்று பிரிவு வாரியாகப் போட்டால் கணினி இருவரையும் வேறு வேறு என்று எண்ணி அருகருகே உட்கார வைத்துவிடும். கேள்வித்தாளோ ஒன்றுதான். பதினோராம் வகுப்பு அறிவியல் பிரிவும் வணிகவியல் பிரிவும் தமிழ்த் தேர்வன்று ஒரே தாளைத்தான் எழுதுகிறார்கள். ஆகவே அந்தக் கட்டத்தில் எழுத வேண்டியது அன்றைய கேள்வித்தாளை.

இந்த முறைக்கு எல்லை ஒன்றுண்டு: ஒரே தாளை எழுதுபவர்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. அதே 360 பேரில் ஒன்பதாம் வகுப்பு 200 என்றால், 180 ஒற்றை இருக்கைகளும் நிரம்பி, மிஞ்சும் 20 பேர் இரட்டைப்படையின் தொடக்கத்துக்கு வருவார்கள். முதல் இரண்டு அறைகள் முழுக்க ஒன்பதாகவே இருக்கும். 200 ஒற்றை இருக்கை வேண்டுமானால் 20 அறைகளைத் திறந்து 40 இடங்களைக் காலியாக விட வேண்டும். கூடவே இரண்டு ஆசிரியர்களும் வேண்டும். தலைமையாசிரியர் முகம் சுளிப்பது இங்கேதான்.

கண்காணிப்பாளர் கணக்கில் அடிக்கடி நடக்கும் பிசகு, மொத்த மாணவர்களை 20-ஆல் வகுப்பது. மூன்று பெரிய அறைகளில் 25 பேர் வீதம் 75 பேர் என்றால், வகுத்துப் பார்க்கையில் நான்கு பேர் போதும் என்று வரும். ஆனால் 20 பேருக்கு ஒருவர் என்ற விதிப்படி ஒவ்வோர் அறைக்கும் இருவர் வேண்டும். ஆக ஆறு பேர். அறை அறையாக மேல்நோக்கி முழுமையாக்கிய பிறகுதான் கூட்ட வேண்டும். சொல்லச் சொல்ல எழுதுபவரின் உதவியோடு தேர்வெழுதும் மாணவருக்குத் தனி அறை, அதற்கும் ஒருவர். தண்ணீர் குடிக்கவோ கழிப்பறைக்கோ போகும் ஆசிரியரை விடுவிக்க ஓரிருவர் வெளியே இருந்தாக வேண்டும். அன்றைய பாட ஆசிரியரை அறைக்குள் விடாத வழக்கமுள்ள பள்ளியில், கணக்குத் தேர்வன்று கணக்கு ஆசிரியர்களை முதலிலேயே கழித்துவிட்டு மிச்சம் எத்தனை பேர் என்று பார்க்க வேண்டும்.

தேர்வன்று காலையில் இரண்டு பேர் வராவிட்டால், பின்னாலிருப்பவர்களை முன்னே நகர்த்தச் சில கண்காணிப்பாளர்களுக்குக் கை பரபரக்கும். ஓர் இருக்கை நகர்ந்தாலே ஒற்றையில் இருந்தவர் இரட்டைக்கு வந்துவிடுவார். வராதவரின் பெஞ்சு காலியாகவே கிடக்கட்டும் என்று பட்டியலின் அடியில் ஒரு வரி எழுதி வைத்துவிடலாம்.