வெறும் இணைப்போடு வந்த கடிதம்

அச்சகத்தின் மின்னஞ்சல் பெட்டியில் ஒரு கடிதம் வந்து விழுகிறது. உள்ளே ஒரு வரிகூட இல்லை, வணக்கமும் இல்லை. ஓரத்தில் invite_final.pdf என்ற இணைப்பு மட்டும் இருக்கிறது. கோப்பின் பெயரிலேயே 'ஃபைனல்' என்றிருக்கிறதே, 500 பத்திரிகை அடித்துவிட வேண்டியதுதான் என்று கை பரபரக்கும். அங்கேதான் பிசகு. அந்த ஒரு சொல்லைத் தவிர மற்றதெல்லாம் அச்சகக்காரர் தானாகச் சேர்த்துக்கொண்டது.

இப்படிக் கடிதம் காலியாக வருவதற்குப் பெரும்பாலும் காரணம் சாதாரணமானது. கைபேசியில் கோப்பைத் தொட்டு 'ஷேர்' கொடுத்தால் இணைப்போடு ஒரு கடிதம் தயாராகிவிடும். அவசரத்தில் அப்படியே அனுப்பிவிடுவார்கள். ஸ்கேனர் இயந்திரங்கள் நேரடியாக அனுப்பும் கடிதங்களிலும் பல நேரம் யாரும் எழுதிய வரி இருக்காது.

இன்னொன்றும் உண்டு: எழுதியிருப்பார், நமக்குத்தான் தெரியாது. ஜிமெயிலில் மூன்று புள்ளி மெனுவுக்குள் Show original என்பதை அழுத்தினால் கடிதத்தின் எலும்புக்கூடு தெரியும். அதில் இந்த இரண்டு வரிகளைத் தேட வேண்டும்.

```
Content-Type: text/plain
Content-Type: application/pdf
```

முதல் வரி எழுத்துப் பகுதியின் தலைப்பு, இரண்டாவது இணைப்பினுடையது. முதல் தலைப்பின் கீழ் ஒன்றுமே இல்லாமல், text/html என்ற பகுதியும் காலியாக இருந்தால், வந்த கடிதத்தில் எழுத்து இல்லை. புரியாத ஆங்கில எழுத்துக் குவியல் இருந்தால் அவசரப்பட்டு வைரஸ் என்று நினைக்க வேண்டாம். தமிழில் எழுதிய வரிகள் பயணத்துக்காக அப்படி உருமாற்றப்படுவது வழக்கம்.

அதற்காகக் கோப்பை உடனே திறந்துவிடவும் கூடாது. 2000 மே மாதம் உலகைச் சுற்றிய 'ஐ லவ் யூ' வைரஸ், தெரிந்தவர்களின் முகவரியிலிருந்தேதான் வந்தது. LOVE-LETTER-FOR-YOU.TXT.vbs என்ற பெயரில் கடைசி .vbs பல கணினிகளில் மறைந்து நின்றதால், வெறும் எழுத்துக் கோப்பு என்று நம்பித் திறந்தார்கள். அனுப்பியவர் முன்பின் தெரியாதவர் என்றால் பதிலே போடாமல் விடலாம். பதில் போட்டால், இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

தெரிந்த வாடிக்கையாளர் என்றால் பதில் இப்படி இருக்கலாம்:

"வணக்கம். இன்று காலை 10.40க்கு உங்கள் முகவரியிலிருந்து invite_final.pdf வந்தது. என் திரையில் எழுத்து எதுவும் தெரியவில்லை. கோப்பை இன்னும் திறக்கவில்லை. நீங்கள் அனுப்பியதுதானா? இதை நான் என்ன செய்ய வேண்டும்?"

'நீங்கள் எழுத மறந்துவிட்டீர்கள்' என்று இதில் இல்லை. அவர் மறந்தாரா என்பது அச்சகக்காரருக்கு எப்படித் தெரியும்? தன் திரையில் கண்டதை மட்டும் சொல்கிறார். நேரமும் கோப்பின் பெயரும் இருப்பதால், அனுப்பியவர் தன் பெட்டியில் எந்தக் கடிதம் என்று தேடிப் பார்த்துவிடலாம். கணக்கை வேறு யாராவது திருடியிருந்தால் பதிலும் திருடன் கைக்கே போகும் என்பதால், கொஞ்சம் சந்தேகம் தட்டினாலும் இதே கேள்விகளைப் பழைய எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்பதே நல்லது.

வாடிக்கையாளரின் பதில் இப்படியும் வரலாம்: "ஐயோ அண்ணே, அடிச்சிடாதீங்க! முகூர்த்த நேரம் சரியான்னு மாமாவுக்கு அனுப்பினது, தவறி உங்களுக்கு வந்திடுச்சு."