நள்ளிரவில் மேலாளரை எழுப்பும் ஐந்து வரிகள்

சர்வர்களை இரவிலும் கவனித்துக்கொள்ள மென்பொருள் நிறுவனங்கள் முறை வைத்து ஆள் போடுகின்றன. இதற்கு 'ஆன்-கால்' என்று பெயர். பேருந்து டிக்கெட் விற்கும் ஓர் இணையதளத்தில் அதிகாலை 2.15-க்குக் கோளாறு என்று வைத்துக்கொள்வோம். பொறியாளர்களின் சாட் குழு இப்படி ஓடும்:

"டேய், டேட்டாபேஸ் மறுபடி சொதப்புது போல."
"ஆமா ப்ரோ, 2 மணிலேருந்தே எரர்."
"டிஸ்க் ஃபுல்லுனு நெனைக்கிறேன்."
"பாத்துட்டிருக்கேன்."
"நானும்."

குழுவுக்குள் இது போதும். தூக்கத்தில் எழுப்பப்படும் மேலாளருக்கோ இதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. ஆகவே மேலே அனுப்பும் செய்தியைத் தனியாக எழுத வேண்டும். பேச்சைச் சுருக்கினால் மட்டும் அது கிடைக்காது. பேச்சில் இல்லாததைத் தேடிச் சேர்க்க வேண்டும்.

முதலில் பாதிப்பு. 'டேட்டாபேஸ் சொதப்புது' என்பது இயந்திரத்தின் நிலை. பயணிக்கு என்ன ஆனது? சோதித்துப் பார்த்தால் பேருந்துகளைத் தேட முடிகிறது, பணம் கட்டி முன்பதிவு செய்யத்தான் முடியவில்லை. டிஸ்க் நிரம்பினால் இப்படி ஆவதுண்டு: இருப்பதைப் படிக்க முடியும், புதிதாக எழுத இடம் இருக்காது. ஆனாலும் 'நெனைக்கிறேன்' என்பதை அப்படியே உண்மையாக்கிவிடக் கூடாது. `df -h` கட்டளை 100% என்று காட்டிய பிறகே உறுதியாக எழுதலாம். அதுவரை 'சந்தேகம்' என்றே இருக்கட்டும்.

அடுத்து நேரம். கோளாறு கண்ணில் பட்ட நேரம் வேறு, தொடங்கிய நேரம் வேறு. கண்காணிப்பு வரைபடத்தில் பிழைகள் 2.04-க்கே ஏறத் தொடங்கியிருக்கின்றன. பல சர்வர் பதிவுகள் உலகப் பொது நேரத்தில் இருப்பதால், அங்கே அது முந்தைய நாள் 20.34. எந்த நேரக் கணக்கு என்று சொல்லாவிட்டால் ஐந்தரை மணி நேரக் குழப்பம் வரும்.

மூன்றாவது பொறுப்பு. இருவர் 'பாத்துட்டிருக்கேன்' என்றால், மற்றவர் பார்ப்பார் என்று இருவருமே விட்டுவிடக்கூடும். உதவ எத்தனை பேர் இருந்தாலும் செய்தியில் ஒரே பெயர்தான் வர வேண்டும்.

இப்போது செய்தி:

பாதிப்பு: முன்பதிவும் பணம் செலுத்துதலும் நடக்கவில்லை; தேடல் இயங்குகிறது. காரணம்: டேட்டாபேஸ் டிஸ்க் 100% நிரம்பியுள்ளது (உறுதி).
நேரம்: 02:04 முதல் (இந்திய நேரம்), நீடிக்கிறது.
பொறுப்பு: செல்வி.
தேவை: டிஸ்க்கை 200 ஜிபி கூட்ட 02:30-க்குள் அனுமதி.
அடுத்த தகவல்: 02:45.

கடைசி இரண்டு வரிகளும் முக்கியம். 'தேவை' இல்லையென்றால் மேலாளர் படித்துவிட்டுப் படுத்துவிடலாம். 'அடுத்த தகவல்' இல்லையென்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை செல்வியை அழைத்து, அவர் வேலையையே நிறுத்திவிடலாம்.

எல்லா விவரமும் சேரட்டும் என்று காத்திருப்பதும் தவறு. எத்தனை பயணிகள் பாதிக்கப்பட்டார்கள் என்பது தெரியாவிட்டால், 'எண்ணிக்கை தெரியவில்லை' என்று எழுதி உடனே அனுப்பலாம். தெரிந்ததை 02:45 செய்தியில் சேர்க்கலாம். செல்வி வேலையை வேறொருவரிடம் ஒப்படைத்தால், புதிய பெயரும் அதே இடத்தில் உடனே வர வேண்டும்.