"கண்ணுல மண்ணு" என்று சொட்டு மருந்து போடுகிறீர்களா? தைராய்டாகவும் இருக்கலாம்!

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் கண் உறுத்தினால் யாரும் டாக்டரிடம் ஓடுவதில்லை. காரணம் சொல்ல ஆயிரம் இருக்கிறது. காட்டுக்குப் போனால் கரிசல் புழுதி. சீமைக்கருவேல விறகை அடுக்கி மூட்டம் போட்டால் கரிப்புகை. தறிக்கூடத்துக்குள் நுழைந்தால் நூல் பஞ்சு.

"கண்ணுல மண்ணு விழுந்துடுச்சு, ஒரு சொட்டு மருந்து குடுங்கண்ணே" என்று மெடிக்கல் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள். பலருக்கு அது வெறும் புழுதிதான். ஆனால் தைராய்டு நோயாளிக்கு அப்படி விட்டுவிட முடியாது.

"ஏன் முறைக்கிறே?"

புழுதி என்றால் கண்ணைக் கழுவினால் ஓரிரு நாளில் தீரும். தைராய்டு உறுத்தல் வாரக்கணக்கில் போகாது. காலையில் எழும்போது இமை வீங்கியிருக்கும். வெளிச்சம் கூசும், தண்ணீர் வடியும்.

மேல் இமை மேலே ஏறிக்கொள்வதால் கருவிழிக்கு மேலே வெள்ளை தெரியும். சும்மா பார்த்தாலே முறைப்பது போல இருக்கும். "ஏண்டி, என்னைப் பார்த்து ஏன் முறைக்கிறே?" என்று வீட்டில் சண்டைகூட வரலாம்! கூடவே இருப்பவர்களுக்கு மாற்றம் சட்டென்று புரியாது. அதனால்தான் டாக்டர்கள் பழைய போட்டோவைக் கேட்கிறார்கள். கல்யாண ஆல்பமே போதும்.

உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி தடம் மாறித் தைராய்டைத் தாக்குகிறது. அதே சக்தி கண்ணுக்குப் பின்னால் உள்ள தசையையும் கொழுப்பையும் தாக்கி வீங்க வைக்கிறது. கண்குழியைச் சுற்றி எலும்பு. முன்பக்கம் மட்டும்தான் திறப்பு. வீக்கத்துக்கு வேறு வழியில்லை, முழியை முன்னே தள்ளுகிறது.

வெள்ளை மாளிகையில் நடந்தது

"தைராய்டு மாத்திரை ஒழுங்காத்தானே சாப்பிடறேன், ரத்தம் நார்மல்னு வந்திடுச்சே" என்பவர்கள் அமெரிக்க ஜனாதிபதி மூத்த புஷ்ஷின் மனைவி பார்பராவின் கதையைக் கேட்க வேண்டும்.

1989-ல் அவருக்குத் தைராய்டு அதிகமாகச் சுரப்பது தெரிந்தது. கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள். தைராய்டு அடங்கியது, கண் அடங்கவில்லை. உறுத்தல், பிதுங்கல், ஒன்று இரண்டாகத் தெரிவது என்று தொல்லை நீடித்தது. 1990 தொடக்கத்தில் கண்குழிக்குத் தனியாகக் கதிர் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. (1991-ல் கணவருக்கும் அதே தைராய்டு நோய் வந்தது தனிக்கதை.)

கழுத்து ஒரு வழியில் போகிறது, கண் ஒரு வழியில் போகிறது. சிலருக்குக் கண் கோளாறு முதலில் வரும். சிலருக்குத் தைராய்டு சரியான பிறகு வரும். கண்ணில் வீக்கம் சூடாக இருக்கும் காலம் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை. மருந்தால் வீக்கத்தை அடக்க முடிவது பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான். அது தாண்டினால் தசை விறைத்துத் தழும்பாகிவிடும். பிறகு பெரும்பாலும் ஆபரேஷன்தான் வழி.

சிவப்புச் சேலை வெளுத்தால்...

எல்லாவற்றிலும் மோசமானது, வீங்கிய தசை பார்வை நரம்பை நெரிப்பது. இது சிலருக்குத்தான் வரும். ஆனால் வந்தால் பார்வையே போகும். வேடிக்கை என்னவென்றால், முழி அதிகம் பிதுங்காதவருக்கும் இது வரலாம். முன்னே வர முடியாத வீக்கம் உள்ளேயே அழுத்துகிறது.

அதன் முதல் அடையாளம் நிறம் மங்குவது. தறிக்காரருக்கும் ஜவுளிக்கடைக்காரருக்கும் இது எளிது. ஒரு சிவப்புச் சேலையை எடுத்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு கண்ணுக்குச் சிவப்பாகவும் மறு கண்ணுக்குச் சாயம் போனது போலவும் தெரிந்தால், அன்றைக்கே பஸ் ஏற வேண்டியதுதான். இரண்டு கண்ணும் சேர்ந்து மங்கினால் இந்தச் சோதனையில் வித்தியாசம் தெரியாது. அதனால் இது மட்டும் போதாது.

கண் டாக்டர் சிறு அளவுகோலை வைத்து முழி எத்தனை மில்லிமீட்டர் முன்னே வந்திருக்கிறது என்று குறித்து வைப்பார். அடுத்த முறை அதோடு ஒப்பிடுவார். நிறம், கண் அசைவு, கண் அழுத்தம் எல்லாம் பார்ப்பார். வீக்கம் சூடாக இருக்கும்போது ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. அடங்கிய பிறகு ஆறு மாதம், ஒரு வருடம் என்று தள்ளிப் போகலாம். ஒரு தடவை பார்த்த அளவை வைத்து, நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் கண்குழிக்கும் இமைக்கும் தனிப் பிரிவே இருக்கிறது.

தூங்கும்போது இமை முழுதாக மூடுகிறதா என்பதை வீட்டுக்காரர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு கீற்றுத் திறந்திருந்தால் கருவிழி காய்ந்து புண்ணாகும். அதற்கு இரவில் போட களிம்பு உண்டு. சிவப்பு மறைய என்று கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால், நாள்பட்டால் கண் அழுத்தம் ஏறிவிடும்.

பீடி, சிகரெட் குடிக்கும் தைராய்டுக்காரருக்குக் கண் கோளாறு வரும் வாய்ப்பும் அதிகம். வந்தால் மருந்து கேட்பதும் குறைவு. டாக்டர் முதலில் கேட்கும் கேள்விகளில் அதுவும் ஒன்று.