திறக்கும் முன்பே தெரியும் வரி

இன்பாக்ஸில் ஒவ்வொரு மெயிலுக்கும் மூன்று விவரங்கள் தெரிகின்றன: அனுப்பியவர் பெயர், தலைப்பு, அதை ஒட்டி மங்கலான எழுத்தில் ஒரு துணுக்கு. சாதாரண மெயிலில் இந்தத் துணுக்கை யாரும் தனியாக எழுதுவதில்லை. கடிதத்தின் முதல் சொல்லிலிருந்து தொடங்கி, பத்தி இடைவெளிகளைக் கணக்கில் கொள்ளாமல், இடம் இருக்கும்வரை செயலியே எடுத்துப் போட்டுக்கொள்கிறது. அந்த இடம் நிலையானதும் அல்ல. ஐபோனின் மெயில் செயலி வழக்கமாக இரண்டு வரி காட்டும். விரும்பினால் ஐந்து வரி வரை கூட்டலாம், அடியோடு நிறுத்தவும் செய்யலாம். கணினித் திரையில் ஜிமெயில் தலைப்பையும் துணுக்கையும் ஒரே வரியில் வைப்பதால், தலைப்பு நீண்டால் துணுக்கு சுருங்கும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. போனில் ஒரு வரிக்கு நாலைந்து சொற்கள் கிடைத்தால் அதிகம்.

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம் ஒன்று ‘முக்கிய அறிவிப்பு’ என்ற தலைப்பில் இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்ளலாம்: “அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம். நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் சார்பாகத் தெரிவித்துக்கொள்வது யாதெனில், வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணி முதல் மதியம் 2 மணி வரை மேல்நிலைத் தொட்டி சுத்தம் செய்யப்படுவதால் தண்ணீர் வராது.” போனில் தெரிவது “அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம். நமது குடியிருப்போர்…” என்பது மட்டுமே. ஞாயிறும் இல்லை, தண்ணீரும் இல்லை. சந்தா கேட்கும் மெயிலாக்கும் என்று நினைத்து ஒதுக்கிவிடுவார்கள்.

முகமனையும் முன்னுரையையும் வெட்டிவிட்டால் போதும் என்று தோன்றும். போதாது. மிச்சமிருக்கும் வாக்கியம் “வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணி…” என்று நிற்கும். இரண்டு வரி தெரிந்தாலும் என்ன நடக்கப்போகிறது என்ற சொல் வந்து சேராது. தமிழில் வினை கடைசியில்தான் வரும். வராது, இல்லை, வேண்டாம் என்ற மறுப்புகள் உட்கார்ந்திருப்பதும் அங்கேதான். “சனிக்கிழமை நடக்கவிருந்த கூட்டம் நடைபெறாது” என்பதில் கடைசிச் சொல் வெட்டுப்பட்டால், கூட்டத்துக்கு ஆள் வந்து நிற்பார். ஆங்கிலத்துக்கென்று சொல்லப்படும் ‘முக்கியமானதை முதலில் எழுது’ என்ற யோசனை தமிழில் அப்படியே பலிப்பதில்லை. வாக்கியத்தையே குறுக்கினால்தான் வினை துணுக்குக்குள் வரும்.

ஆகவே செய்தியை இரண்டாகப் பிரிப்பது நல்லது. தலைப்பு: ‘ஞாயிறு காலை தண்ணீர் வராது’. முதல் வரி: “சனி இரவே பிடித்துவையுங்கள். ஞாயிறு காலை 8 மணிக்கு வால்வை மூடுவோம். மதியம் 2 மணிக்குத் திறப்போம்.” தலைப்பு நடப்பதைச் சொல்கிறது, துணுக்கு செய்ய வேண்டியதைச் சொல்கிறது. தலைப்பையே முதல் வரியில் திரும்ப எழுதுவது கிடைத்த இடத்தை வீணடிப்பது. தொட்டி சுத்தம் என்ற காரணம் அடுத்த வரியில் வந்தால் போதும். பெரியவர்கள் உள்ள குடியிருப்பில் வணக்கமில்லாத கடிதம் முகத்திலடித்தாற்போல் இருக்கும் என்றால், ‘வணக்கம்’ என்ற ஒரு சொல்லை முன்னால் வைக்கலாம். அதற்கு இடமுண்டு, ‘யாதெனில்’ போன்றவற்றுக்கு இல்லை.

வடிவமைத்து அனுப்பும் செய்திமடல்களில் சிக்கல் வேறு. அங்கே கடிதத்தின் உச்சியில் இருப்பது பெரும்பாலும் “பிரௌசரில் பார்க்க இங்கே சொடுக்கவும்” என்ற இணைப்பு. துணுக்காகவும் அதுவே வந்து நிற்கும். மொத்தமாக மெயில் அனுப்பும் சேவைகள் பலவற்றில் இதற்கென்றே Preview text என்ற கட்டம் உண்டு. அது இல்லாத இடத்தில், body தொடங்கியவுடன் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரியைச் சேர்ப்பார்கள்:

```
<div style="display:none;max-height:0;overflow:hidden">
சனி இரவே பிடித்துவையுங்கள்.
</div>
```

கடிதத்தைத் திறந்தால் இந்த வரி தெரியாது. இன்பாக்ஸில் மட்டும் தெரியும். ஆனால் மூன்று சொல்லோடு நிறுத்தினால், மீதி இடத்தில் அந்தப் பழைய ‘இங்கே சொடுக்கவும்’ வந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டு வரியை நிரப்பும் அளவுக்கு எழுதுவது பாதுகாப்பு.

அனுப்பும் முன் தன் முகவரிக்கே ஒரு பிரதி அனுப்பி, திறக்காமல் போனில் பார்ப்பதுதான் சோதனை. திறந்த பிறகு பார்த்தால் எழுதியவருக்கு எல்லாம் சரியாகவே தோன்றும். பார்க்கும்போதே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அறிவிப்புகளை மறைத்து வைக்காத போனில் இதே வரி பூட்டிய திரையிலும் தோன்றும். இரத்தப் பரிசோதனை முடிவு, சம்பளத் தொகை, பாக்கி விவரம் போன்றவற்றை முதல் வரியில் எழுதினால், மேசையில் கிடக்கும் போனைக் கடந்து போகிற எவரும் படித்துவிடலாம். “உங்கள் பரிசோதனை அறிக்கை தயார்” என்று தொடங்கி, முடிவைக் கீழே தள்ளி எழுதவும்.