ஜன்னலைத் திறப்பதா, மூடுவதா?

வகுப்பறைச் சுவரில் காற்றை அளக்கும் சிறு பெட்டி ஒன்றை மாட்டியாயிற்று. ஒரு நாள் காலை அதில் சிவப்பு விளக்கு எரிகிறது. அப்போது ஆசிரியர் ஜன்னலைத் திறக்க வேண்டுமா, மூட வேண்டுமா? கருவி வாங்குவதற்கு முன்பே பள்ளி நிர்வாகம் இதற்கு விடை கண்டாக வேண்டும். பல பள்ளிகளில் வாங்கிய பிறகும் யாரும் இதைக் கேட்பதில்லை.

ஒரு பள்ளியைக் கற்பனை செய்துகொள்வோம். முன்னால் பேருந்து ஓடும் சாலை. பின்னால் சத்துணவுக் கூடம். பக்கத்தில் ஒரு காலி மனை. ஏசி கிடையாது. வகுப்புக்கு நாற்பது பிள்ளைகள், மேலே மின்விசிறி. இங்கே எல்லா அறைக்கும் கருவி தேவையில்லை. சாலையோர வகுப்பு ஒன்று, சமையல் பக்கத்து வகுப்பு ஒன்று, வேதியியல் ஆய்வகம் ஆகிய மூன்றும் போதும். நான்காவது கருவியைக் கட்டடத்துக்கு வெளியே, வெயிலும் மழையும் படாமல் சன்ஷேடுக்கு அடியில் வைக்க வேண்டும். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் வெட்டுவது இந்த நான்காவதைத்தான். ஆனால் என்னைக் கேட்டால், மற்ற மூன்றுக்கும் பொருள் தருவதே அதுதான்.

நுண்துகளை அளக்கும் மலிவான கருவிக்குள் ஒரு குட்டி விசிறி காற்றை இழுக்கிறது. அந்தக் காற்றின் மேல் லேசர் ஒளி பாய்கிறது. துகள்கள் சிதறடிக்கும் ஒளியைக் கொண்டு, ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் தூசு இருக்கும் என்று கருவி கணக்கிடுகிறது. அதாவது அது தூசை எடை போடுவதில்லை, மதிப்பிடுகிறது. இதனால் இரண்டு சிக்கல்கள் வரும். மார்கழிக் காலையின் ஈரக்காற்றில் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்துவிடும், கருவி கூட்டிச் சொல்லும். மாறாக, சாக்பீஸ் தூள் போன்ற பெரிய துகள்களை அது பெரும்பாலும் தவறவிடும். கரும்பலகை அருகே ஆசிரியர் இருமிக்கொண்டிருக்க, கருவி பச்சை காட்டக்கூடும். அங்கே எண்ணை நம்பாமல் ஈரத்துணியால் பலகையைத் துடைப்பதே சரி.

மாட்டுவதற்கு முன் நான்கு கருவிகளையும் ஒரே மேசையில் ஒரு வாரம் அருகருகே ஓடவிடுங்கள். ஒரே காற்றுக்கு ஒன்று 40 என்றும் மற்றொன்று 65 என்றும் சொன்னால், அந்த வித்தியாசத்தைத் திருத்தாமல் அறைகளை ஒப்பிட முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். உள்விசிறியில் தூசு அடைந்தால் எண் மெல்ல விலகிப்போகும்.

பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் மூக்கு தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும். கருவியும் அந்த மட்டத்துக்கு அருகே இருப்பதே நல்லது. கை படாமல் இருக்கக் கம்பிவலைக் கூண்டு போடலாம். ஜன்னல், கதவு, கரும்பலகை ஆகியவற்றிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். பத்திரமாக இருக்கட்டும் என்று பீரோ மேல் வைத்தால், அது பீரோ மேலுள்ள காற்றைத்தான் அளக்கும்.

இனி எச்சரிக்கை அளவு. பி.எம். 2.5 என்னும் நுண்துகளுக்கு இந்தியத் தர அளவு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 15. இரண்டுமே 24 மணி நேரச் சராசரி. காலையில் ஒரு மணி நேரம் வகுப்பறையில் 120 இருந்து, மீதி 23 மணி நேரமும் 20 இருந்தால் நாள் சராசரி வெறும் 24தான். பிள்ளைகள் சுவாசித்த அந்த ஒரு மணி நேரம், பூட்டிய அறையின் இரவுக் காற்றில் கரைந்து காணாமல் போகிறது. ஆகவே பள்ளி நேரச் சராசரியைத் தனியே குறித்துவர வேண்டும். உடனடி எச்சரிக்கைக்குக் கால் மணி நேரச் சராசரியை எடுக்கலாம். 60-ஐ அடுத்தடுத்து இருமுறை தாண்டினால் எச்சரிக்கை, 45-க்குக் கீழே இறங்கினால்தான் அது அணைய வேண்டும். இந்த இடைவெளி இல்லாவிட்டால் 59க்கும் 61க்கும் இடையே விளக்கு மாறி மாறி எரிந்து, ஒரு வாரத்தில் யாராவது பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள்.

ஒரு காலை ஒன்பதே காலுக்குப் பக்கத்து மனையில் குப்பையைக் கொளுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வெளியே 180, உள்ளே 140. அந்தப் பக்கத்து ஜன்னல்களை மூடி, எதிர்ப்பக்கத்தைத் திறக்க வேண்டும். பத்து மணிக்குப் புகை அடங்கி வெளியே 50 ஆகிறது. உள்ளே இன்னும் 90. இப்போது எல்லாவற்றையும் திறக்க வேண்டும். இரண்டு நேரத்திலும் உள்ளே எரிந்தது அதே சிவப்பு விளக்குதான். செய்ய வேண்டியதோ நேர்மாறு. வெளிக்கருவி இல்லாமல் இதைச் சொல்ல முடியாது. ஜன்னலை மூடுவதற்கும் எல்லை உண்டு. இடுக்குகள் நிறைந்த மரக்கதவுகள் புகையைத் தாமதப்படுத்துமே தவிரத் தடுக்காது. நாற்பது பேர் மூச்சுவிடும் அறையை அரை மணிக்கு மேல் மூடிவைக்கவும் கூடாது. புகை அடங்காவிட்டால் வகுப்பையே வேறு பக்கத்துக்கு மாற்றுவதுதான் வழி.

ஆவியாகும் வேதிப்பொருட்களை அளக்கும் சென்சாரின் குணம் வேறு. சூடேற்றிய உலோக ஆக்சைடு படலத்தில் வாயு படும்போது அதன் மின்தடை மாறுகிறது. எந்த வாயு என்று அதற்குத் தெரியாது. பினாயில், சானிடைசர், வார்னிஷ், பெயின்ட் எல்லாம் அதற்கு ஒன்றுதான். பல மாதிரிகள் தருவதும் நேரடி அளவு அல்ல, ஒரு குறியீட்டு எண். பரவலாக விற்கும் ஒரு வகையில், கடந்த ஒரு நாளின் வழக்கமான காற்றுக்கு 100 என்று பெயர். புதிதாகப் பெயின்ட் அடித்த அறையில் எண் முதலில் எகிறும். சில நாளில் அந்த வாடையையே வழக்கமென்று கருவி பழகிக்கொண்டு, மறுபடி 100 காட்டும். வாடை போய்விடவில்லை, கருவிதான் பழகிவிட்டது. எனவே பெயின்ட், புது பிளைவுட் விஷயத்தில் இதை நம்பக் கூடாது. அந்த வேலைகளை மே விடுமுறையின் தொடக்கத்தில் முடித்து அறைகளைத் திறந்துபோட வேண்டும். பிளைவுட்டிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடை அளக்கத் தனிக் கருவி தேவை.

திடீர் ஏற்றத்தைக் காட்டுவதில் இந்த சென்சார் கெட்டி. காலை எட்டரைக்குப் பினாயில் போட்டுத் துடைக்கும் அறையில் எண் 300-ஐத் தாண்டி, முதல் பாடவேளை முழுதும் இறங்காமல் நிற்பதை வரைபடத்தில் பார்க்கலாம். துடைப்பதை மாலைக்கு மாற்றினால் அந்த மேடு பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு வரும். குறியீடு 200-க்கு மேல் அரை மணி நேரம் நின்றால் எச்சரிக்கை என்று வைத்துத் தொடங்கலாம். இரண்டு வாரப் பதிவைப் பார்த்து அந்த எண்ணைத் திருத்திக்கொள்ளலாம். மின்வெட்டுக்குப் பின் சில கருவிகள் பழைய வழக்கத்தை மறந்து புதிதாகக் கற்கத் தொடங்கும். அன்றைய முதல் சில மணி நேர எண்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

எச்சரிக்கை யாருடைய கைபேசிக்குப் போக வேண்டும் என்பதையும் முன்பே எழுதிவைக்க வேண்டும். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு நேராகப் போனால் வீண் பீதிதான் மிஞ்சும். அந்த வகுப்பில் இருக்கும் ஆசிரியருக்கும், சாவிக்கொத்து வைத்திருப்பவருக்கும் போகட்டும். செய்தியும் "அளவு 140" என்று மட்டும் இல்லாமல், "வெளியே புகை, கிழக்கு ஜன்னல்களை மூடவும்" என்று இருக்கட்டும்.