பூட்டிய கணக்கும் பத்து எண்களும்

பேராக் மாநிலத்தின் பழைய ரப்பர்த் தோட்டங்கள் பல, எண்ணெய்ப்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. லயன் வீடுகளில் அடுத்தடுத்து வாழ்ந்தவர்கள் சுங்கை சிப்புட், ஈப்போ, கிள்ளான், சிங்கப்பூர் எனச் சிதறியிருக்கின்றனர். அவர்களை இணைப்பது கைத்தொலைபேசி. ஆனால் தோட்டத்திலேயே தங்கிவிட்ட மூதாட்டிக்கு ஜிமெயில் கணக்கைத் தொடங்கித் தந்தவர் பெரும்பாலும் மகனாகவே இருப்பார். தொலைபேசி எண்ணும் அவர் பெயரிலேயே பதிவாகியிருக்கும். இந்த ஏற்பாட்டின் குறை, தொலைபேசி காணாமற்போகும் நாளில்தான் தெரியவரும்.

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ மேடான் கிட் நிலையத்துக்குப் பேருந்தில் வந்த அம்மாள் ஒருவர் தொலைபேசியைத் தவறவிட்டதாகக் கொள்வோம். புதிய கருவியில் கடவுச்சொல்லைச் சரியாக இட்ட பின்னரும் கூகுள் இரண்டாம் சான்று கேட்கிறது. அதைக் குறுஞ்செய்தியாக அனுப்புவதோ தொலைந்த எண்ணுக்கு. அதே எண்ணில் மாற்றுச் சிம் பெறவேண்டுமானால், எண் யார் பெயரில் உள்ளதோ அவர் அடையாள அட்டையுடன் வரவேண்டும். மகனோ சிங்கப்பூரில் இருக்கிறார். இனி வேறு வாயில்களையே நாடவேண்டும்.

அவற்றுள் உறுதியானது, முன்கூட்டியே எடுத்துவைக்கும் காப்புக் குறியீடுகள். கூகுள் கணக்கில் `2-Step Verification` என்ற பகுதியில் `Backup codes` என்பதைத் திறந்தால், எட்டு இலக்கம் கொண்ட 10 எண்கள் கிடைக்கும். சான்று கேட்கும் திரையில் `Try another way` என்பதைத் தொட்டு, அவற்றுள் ஒன்றை இட்டால் போதும். சிம் வேண்டா, குறுஞ்செய்தியும் வேண்டா. ஓர் எண் ஒரே முறைதான் செல்லும். புதிய தொகுதி எடுத்தவுடன் பழைய தொகுதி முழுதும் செல்லாததாகிவிடும். இவை கடவுச்சொல்லுக்கு ஈடல்ல, அதன்பின் கேட்கப்படும் சான்றுக்கே ஈடு என்பதையும் நினைவிற் கொள்க.

கடவுச்சொல்லே மறந்துபோனால், முன்பு உள்நுழைந்திருந்த கணினி உதவும். ஈப்போவிலுள்ள மகள் வீட்டுக் கணினியில் அம்மாளின் கணக்கு திறந்தே இருக்குமானால், உலாவி சேமித்துவைத்த கடவுச்சொல்லை, அக்கணினியின் பூட்டெண்ணை இட்டுக் காணலாம். மீட்பு முயற்சியையும் வழக்கமான கருவியில், வழக்கமான இடத்திலிருந்து செய்வதே நன்று. அறிமுகமான கருவியைக் கூகுள் ஒரு சான்றாக எடுத்துக்கொள்கிறது. ஊரார் பலர் தொடும் கடைக் கணினியிலோ கடவுச்சொல்லைச் சேமிப்பது திருடனுக்கு வழிவிடுவதாகும்.

மூன்றாவது, நம்பிக்கைக்குரிய ஒருவரை மீட்புத் துணையாகக் குறித்துவைப்பது. ஆப்பிள் இதை 2021இலும் கூகுள் 2025இலும் கொண்டுவந்தன. துணைவருக்குக் கணக்கின் உள்ளே எதுவும் தெரியாது. வந்திருப்பவர் உரியவர்தாம் என்று சான்று கூறுவதே அவர் வேலை. ஆப்பிளில் துணைவரின் கருவி காட்டும் எண்ணை உரியவர் இடவேண்டும். ஆகவே, குரலைக் கேட்டு ஆளை அறிந்த பின்னரே எண்ணைச் சொல்லவேண்டும். உறவினர் பெயரில் வாட்ஸ்அப் செய்தி அனுப்பி, “தவறுதலாக ஆறிலக்க எண் ஒன்று உங்களுக்கு வந்துவிட்டது, அனுப்புங்கள்” என்று கேட்பவன், பெரும்பாலும் அந்த உறவினரின் கணக்கை ஏற்கெனவே பறித்தவன். அந்த எண் கேட்கப்பட்டவரின் சொந்தக் கணக்குக்குரியது.

இனி, குறியீடுகளை வைக்கும் இடம். பலர் அவற்றைப் படம் பிடித்துத் தொலைபேசியிலேயே வைக்கின்றனர். தொலைபேசி போனால் படமும் போகும். கூகுள் போட்டோஸில் பிரதி இருந்தாலும், அது பூட்டிய அதே கணக்கினுள் இருக்கும். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். தாளே மேல். கடை ரசீதுபோன்ற வெப்பத்தாளில் அச்சிட்டால் எழுத்து மங்கிவிடும். சில பேனா மை ஈரத்தில் கரையும். பென்சில் எழுத்து கரையாது. ஈரமும் கறையானும் உள்ள பழைய பலகை வீடுகளில், பிளாஸ்டிக் உறையிலிட்டு, மூடியுள்ள தகர டப்பாவில் பிறப்புப் பத்திரத்துடன் வைப்பது தகும். இன்னொரு பிரதி ஈப்போ மகளிடம் இருக்கட்டும். தாளில் எடுத்த தேதியை எழுதவேண்டும். இல்லாவிடில் எது பழைய தொகுதி எனத் தெரியாது. மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் அதே தாளில் எழுதலாகாது. எழுதாவிடில் தாளைக் கண்டெடுப்பவனுக்கு அவை வெறும் எண்களே.

படியெடுத்த எண்கள் சரியா என்பதை, தொலைபேசி கையிலிருக்கும்போதே வேறொரு கருவியில் ஓர் எண்ணை இட்டுப் பார்த்துவிடலாம். ஒன்று செலவாகும், ஒன்பது மிஞ்சும். பயன்பட்டதை இரு பிரதிகளிலும் அடித்துவிடவேண்டும்.

மேற்சொன்ன அம்மாள் இவ்வாறு உள்ளே நுழைந்துவிட்டால், முதல் வேலை, `Your devices` என்ற பட்டியலில் தொலைந்த தொலைபேசியைக் கண்டு வெளியேற்றுவது. அடுத்தது, மீட்பு எண்ணைத் தம் பெயரிலேயே பதிந்த புதிய எண்ணுக்கு மாற்றுவது. பின்னர் புதிய பத்து எண்களை எடுத்து, பழைய தாள்கள் இரண்டையும் கிழித்துவிடலாம்.