சமயபுரத்துக்காரரிடம் தேர்வாணையம் என்ன கேட்கும்?

நீங்கள் சமயபுரத்திலோ, மண்ணச்சநல்லூரிலோ, கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்திலோ இருந்துகொண்டு குரூப் 1 தேர்வுக்குப் படிக்கிறவர் என்று வைத்துக்கொள்கிறேன். எழுத்துத் தேர்வு நன்றாகப் போய்விட்டது. இனி சென்னையில் தேர்வாணைய அலுவலகத்தில் உறுப்பினர்கள் முன்னால் உட்கார வேண்டும். அங்கே என்ன கேட்பார்கள், எப்படித் தயாராவது என்பதை உங்கள் ஊரை வைத்தே சொல்கிறேன்.

எல்லா அரசு வேலைக்கும் நேர்முகத் தேர்வு உண்டா? இல்லை. மத்திய அரசின் குரூப் சி பணிகளுக்கும், குரூப் பி-யில் அரசிதழில் பெயர் வராத பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் அது கிடையாது. தமிழ்நாட்டில் குரூப் 4-க்கு இல்லை. குரூப் 2-க்கு இருந்ததையும் எடுத்துவிட்டார்கள். துணை ஆட்சியர், டி.எஸ்.பி. போன்ற குரூப் 1 பதவிகளுக்கு இன்னும் இருக்கிறது. உங்கள் பதவிக்கு உண்டா என்பதை அறிவிக்கையில் (தேர்வாணையம் வெளியிடும் முழு விளம்பரம்) முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். தேவையில்லாத பயிற்சிக்குப் பணம் கட்டாமல் தப்பிக்கலாம்.

நூறு மதிப்பெண்ணுக்கு இவ்வளவு பாடா? குரூப் 1 முதன்மைத் தேர்வில் தரவரிசைக்குச் சேரும் மதிப்பெண் 750. நேர்முகத்துக்கு 100. மொத்தம் 850. ஒரு கணக்குப் போடுவோம். ஒருவர் எழுத்தில் 430, நேர்முகத்தில் 48 எடுக்கிறார்; மொத்தம் 478. இன்னொருவர் எழுத்தில் 418, நேர்முகத்தில் 64, மொத்தம் 482. மாதக்கணக்கில் படித்துச் சேர்த்த 12 மதிப்பெண் முன்னிலை அரை மணிக்கும் குறைவான பேச்சில் போய்விட்டது. துணை ஆட்சியர் பதவி கிடைப்பதா, பட்டியலில் அடுத்த பதவிக்கு இறங்குவதா என்பதை இந்த நாலைந்து மதிப்பெண் முடிவு செய்யலாம்.

கேள்விகள் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் உங்கள் விண்ணப்பத்திலிருந்து. ஊர், படிப்பு, இதுவரை பார்த்த வேலை, உங்கள் பெயர். பொது அறிவு, நடப்பு நிகழ்வு, ஆளுமை என்று நாம் தனித்தனியாகப் பிரித்துப் படிக்கிறோம். கேட்பவர்கள் அப்படிப் பிரிப்பதில்லை. ஊரில் தொடங்கி, ஒரு பதிலின் வாலைப் பிடித்து அடுத்த கேள்விக்குப் போவார்கள். பாதிப் பேர் தடுமாறுவது இந்தத் தொடர்ச்சியில்தான்.

"எந்த ஊர்?" "சமயபுரம் சார்." "உங்கள் எம்.பி. தொகுதி எது?" திருச்சி என்று வாய் தானாகச் சொல்லிவிடும். அது தவறு. மாவட்டம் திருச்சிராப்பள்ளி, வட்டம் மண்ணச்சநல்லூர், உள்ளாட்சி எஸ். கண்ணனூர் பேரூராட்சி, சட்டமன்றத் தொகுதி மண்ணச்சநல்லூர். மக்களவைக்கோ நீங்கள் பெரம்பலூர் தொகுதியில் வாக்களிக்கிறீர்கள். துணை ஆட்சியராக விரும்புகிறவர் தன் ஊர் எந்த நிர்வாகத்துக்குள் வருகிறது என்று அறியாமல் இருந்தால், புத்தகத்துப் பொது அறிவு எவ்வளவு இருந்தும் முதல் எண்ணம் கெட்டுவிடும்.

அடுத்து வரலாறு. "கண்ணனூர் என்கிறீர்களே, அதற்கு என்ன சிறப்பு?" 13-ஆம் நூற்றாண்டில் போசள அரசன் வீர சோமேசுவரன் தமிழகத்தில் தலைநகராகக் கொண்ட இடம் அது. அவன் கட்டிய போசளீசுவரர் கோயில் இன்றும் இருக்கிறது. அம்மன் கோயிலுக்கு வாரந்தோறும் போகிற பலர் அங்கே எட்டிப் பார்த்ததில்லை. கர்நாடகப் போரில் 1752-இல், ஸ்ரீரங்கத்திலிருந்த பிரெஞ்சுப் படைக்கு வடக்கேயிருந்து உதவி வராமல் தடுக்க கிளைவ் பாசறை அமைத்ததும் இந்தப் பக்கம்தான். இந்த இரண்டையும் நாலு வாக்கியத்தில் சொல்லத் தெரிந்தால் போதும். அதற்கு மேல் சொற்பொழிவு வேண்டாம்.

பிறகு கோயிலுக்கு வருவார்கள். பச்சைப் பட்டினி விரதம் என்றால் என்ன என்று கேட்டால், மாசி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பூச்சொரிதலோடு தொடங்கி 28 நாள், பக்தர்களுக்காக அம்மனே விரதம் இருப்பதாக ஐதீகம் என்று சொல்லுங்கள். அந்த நாட்களில் தளிகை கிடையாது. துள்ளு மாவு, நீர்மோர், பானகம், இளநீர் போன்றவைதான் படைக்கப்படும். இதுவரை எளிது.

இங்கிருந்து கேள்வி திரும்பும்: "இந்தக் கோயிலுக்கு இவ்வளவு வருமானம் வருகிறதே, அது அரசாங்கத்துக்குத்தானே போகிறது?" பதில் தெரிகிறதா என்பதோடு, தெரிந்ததை எந்தத் தொனியில் சொல்கிறீர்கள் என்பதையும் இதில் பார்ப்பார்கள். கோயில் வருமானம் அந்தக் கோயிலின் கணக்கிலேயே இருக்கிறது. 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையத் துறைச் சட்டப்படி, நிர்வாகத்துக்கும் தணிக்கைக்கும் ஒரு பங்கைத் துறைக்குக் கோயில் செலுத்துகிறது. செலவு போக மிஞ்சும் உபரியைச் சட்டம் சொல்லும் சமய, அறக் காரியங்களுக்கு அனுமதி பெற்றுச் செலவிடலாம். இவ்வளவையும் அமைதியாகச் சொல்லிவிட்டு, "இந்த உபரியை எதற்குச் செலவிடலாம் என்பதில் வழக்குகளும் மாற்றுக் கருத்துகளும் இருக்கின்றன" என்று சேருங்கள். இருக்கும் சர்ச்சையை மறைத்தால் நீங்கள் செய்தித்தாள் படிப்பதில்லை என்று தெரிந்துவிடும்.

நடப்பு நிகழ்வுக்கு எவ்வளவு படிப்பது? உலகம் முழுவதையும் தலையில் ஏற்ற முடியாது. உங்கள் ஊரும் மாவட்டமும் துறையும் சந்திக்கும் செய்திகளை ஆழமாகப் படியுங்கள். மற்றவற்றில் தலைப்பும் காரணமும் தெரிந்தால் போதும். சமயபுரத்துக்காரருக்கு நல்ல உதாரணம், கோயில் தங்கம். காணிக்கையாக வந்து பயன்படாமல் இருந்த பொன் இனங்களை மும்பையில் உள்ள அரசு உருக்காலையில் சுத்தத் தங்கமாக்கி, பாரத ஸ்டேட் வங்கியில் முதலீடு செய்கிறார்கள். 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்குப்படி 21 கோயில்களிலிருந்து 1,000 கிலோவுக்கு மேல் இப்படிப் போயிருக்கிறது. ஆண்டு வட்டி சுமார் 17.81 கோடி ரூபாய். அந்தத் தங்கத்தில் 424 கிலோ சமயபுரத்தினுடையது. மற்ற எந்தக் கோயிலையும் விட இதுதான் அதிகம்.

இந்த ஒரு செய்தியை எப்படிப் படிப்பது? நாலு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். என்ன நடந்தது? எந்த ஏற்பாட்டில் நடந்தது? யார் ஏன் மறுக்கிறார்கள்? நான் பொறுப்பில் இருந்தால் என்ன செய்வேன்? முதல் கேள்விக்கு மேலே சொன்ன எண்கள். இரண்டாவதற்கு, ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையில் குழுக்கள் பிரித்தெடுப்பை மேற்பார்வை செய்தன என்பது. மூன்றாவதற்கு, நேர்ந்துகொண்டு செலுத்திய நகையை உருக்கலாமா என்ற பக்தரின் மனக்குறை. நாலாவதற்கு உங்கள் சொந்தப் பதில்: சாமிக்குச் சாத்தும் நகைகளையும் பழமையான நகைகளையும் தனியே பிரித்துப் பட்டியலிட்டு, உருக்கியது எவ்வளவு, வட்டி எங்கே செலவானது என்று கோயில் வாசலிலேயே எழுதி வைப்பேன் என்று சொல்லலாம். வேறு பதிலும் சொல்லலாம். காரணம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதே நாலு கேள்வியை 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் மதகுகள் உடைந்ததற்கும், பஞ்சப்பூர் பேருந்து முனையத்துக்கும், நீங்கள் தினமும் பார்க்கும் சுங்கச்சாவடிக்கும் போட்டுப் பாருங்கள். பத்துச் செய்திக்கு இப்படி எழுதி வைத்தால், வேறு எதைக் கேட்டாலும் யோசிக்கும் பழக்கம் வந்துவிடும்.

கருத்துக் கேட்டால் அரசைக் குறை சொல்லலாமா? திட்டத்தின் குறையைச் சொல்லலாம். கட்சியையும் ஆளையும் தொடாதீர்கள். "நடைமுறையில் இந்த இடத்தில் தாமதமாகிறது, இப்படிச் சரி செய்யலாம்" என்ற பேச்சு அதிகாரியின் பேச்சு. எல்லாம் நன்றாக நடக்கிறது என்று புகழ்வதும் வேலைக்கு ஆகாது. அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

தெரியாத கேள்வி வந்தால்? "தெரியவில்லை சார்" என்று நேராகச் சொல்லுங்கள். ஓரளவு தெரிந்தால், "உறுதியாகத் தெரியாது, ஊகித்துச் சொல்லலாமா?" என்று கேட்டுவிட்டுச் சொல்லலாம். தெரிந்ததுபோல் ஒன்றை அடித்துவிடுவதுதான் ஆபத்து. தவறு பிடிபட்டதும், அதுவரை சரியாகச் சொன்ன பதில்களின் மீதும் சந்தேகம் விழும்.

ஆளுமைக் கேள்விக்கு வருவோம். "சித்திரைத் தேர் நாள். நீங்கள் துணை ஆட்சியர். தனியார் பந்தலில் சாப்பிட்ட இருபது பேருக்கு வாந்தி. என்ன செய்வீர்கள்?" பலர் உடனே "விசாரணைக் குழு அமைப்பேன்" என்பார்கள். குழு கூடுவதற்குள் இன்னும் நூறு பேர் சாப்பிட்டிருப்பார்கள்.

பதிலில் வரிசை முக்கியம். முதலில் அந்தப் பந்தலில் பரிமாறுவதை நிறுத்தச் சொல்ல வேண்டும். கூடவே பாதிக்கப்பட்டவர்களை 108 வண்டியிலும் கோயிலில் போட்டிருக்கும் மருத்துவ முகாம் வழியாகவும் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். தேர்க் கூட்டத்தில் வண்டி நுழைய வழி வேண்டும். அதற்குக் காவல்துறையிடம் சொல்ல வேண்டும். மீதிச் சாப்பாட்டைக் கொட்டவிடாமல், உணவுப் பாதுகாப்பு அலுவலர் மாதிரி எடுக்கும்வரை வைத்திருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியருக்குத் தகவல் போக வேண்டும். வதந்தி பரவிக் கூட்டம் ஓடாமல் இருக்க, ஒலிபெருக்கியில் நிதானமான அறிவிப்பு வேண்டும். யார் தவறு என்ற விசாரணை அதற்குப் பிறகு. உயிர், பிறகு சாட்சியம், பிறகு பொறுப்பு என்ற இந்த வரிசை உங்கள் பதிலில் தெரிந்தால், ஒன்றிரண்டு விட்டுப்போனாலும் பரவாயில்லை.

அவர்கள் குறுக்கே கேட்பார்கள்: "பந்தல் போட்டவர் செல்வாக்கானவர். நிறுத்த மாட்டேன் என்கிறார்." இங்கே கோபப்பட்டு "உடனே கைது செய்வேன்" என்று போகாதீர்கள். பேசிப் பார்ப்பது, மறுத்தால் உணவுப் பாதுகாப்பு அலுவலரும் காவல்துறையும் துணையிருக்க நிறுத்துவது, நடந்ததை எழுத்தில் பதிவு செய்வது. உங்கள் அதிகாரம் எதுவரை என்று அறிந்து பேசுகிறீர்களா என்பதுதான் இங்கே எடைபோடப்படுகிறது.

"உங்கள் குறை என்ன?" என்பதற்கு, "அளவுக்கு மீறி உழைப்பேன்" என்ற மனப்பாடப் பதில் வேண்டாம். மேடையில் பேசத் தயக்கம் என்றால் அதையே சொல்லி, அதைக் குறைக்க என்ன செய்துவருகிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.

தமிழில் பேசலாமா? தாராளமாகப் பேசலாம். அரைகுறை ஆங்கிலத்தில் நல்ல யோசனையை வீணாக்குவதைவிட, தெளிவான தமிழில் சொல்வது மேல். ஆனால் துறைச் சொற்களுக்குச் சரியான தமிழ் தெரிந்திருக்க வேண்டும். "அந்த ஸ்கீம், அந்த ஆக்ட்" என்று இழுத்தால் இரண்டு மொழியும் வராதவர்போல் தோன்றும்.

மாதிரி நேர்முகம் எங்கே கிடைக்கும்? மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் (இலவசப் பயிற்சி வகுப்பு) விசாரியுங்கள். சென்னையில் மனிதநேயம் போன்ற இலவசப் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. அதற்கு முன், ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவரையும் உங்கள் பள்ளி ஆசிரியர் ஒருவரையும் எதிரே உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். கைபேசியில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். எந்தக் கேள்வியில் குரல் இறங்குகிறது, எங்கே பதில் நீள்கிறது என்று தெரியும்.

அழைப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதன்மைத் தேர்வு முடிந்த வாரமே உங்கள் விண்ணப்பத்தின் நகலை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் கீழே அதிலிருந்து கிளம்பக்கூடிய ஐந்து கேள்விகளை எழுதத் தொடங்குங்கள்.